தமிழ்ப் படிவத்தின் அறிவுறுத்தல் மூலத்தோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது?

இலங்கையில் தமிழ் அரசகரும மொழி என்பது 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு வந்தது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளிலும் பொதுமகன் ஒருவர் தமிழில் அலுவலகத்தோடு தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் உரித்துடையவர் என்று அரசியலமைப்பின் உறுப்புரை 22 கூறுகிறது. சட்டப் பின்னணி இவ்வளவு போதும். படிவத்தின் தமிழ்ப் பக்கம் ஒன்றும் சிங்களப் பக்கம் வேறொன்றும் சொல்லும்போது, இழப்பு தமிழில் நிரப்பியவருக்கு மட்டுமே நேர்கிறது என்பதே இங்கு பேசப்பட வேண்டியது.

மலையகத் தோட்டமொன்றில் பிறந்து, பிறப்புப் பதிவு செய்யப்படாத ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். அவர் நிரப்ப வேண்டிய படிவத்தின் இணைப்புகள் பகுதியில் சிங்கள மூலம், பிறப்புச் சான்றிதழ் "ஹோ" உத்தேச வயதுச் சான்றிதழ் என்கிறது. அதாவது இரண்டில் ஒன்று போதும். தமிழ்ப் பக்கத்திலோ "பிறப்புச் சான்றிதழ் மற்றும் உத்தேச வயதுச் சான்றிதழ்" என்று அச்சாகியிருக்கிறது. பிறப்புப் பதிவு இல்லை என்று தேடிப் பார்த்து உறுதிசெய்த பின்னர்தான் உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. ஆகவே இவ்விரண்டையும் ஒருசேர வைத்திருக்க எவராலும் இயலாது. படிவத்தைத் தட்டச்சு செய்தவருக்கோ கையொப்பமிட்டு அச்சுக்கு அனுப்பியவருக்கோ இது உறைக்கவில்லை.

இத்தகைய பிழை ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாமல் கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. கருமபீடத்தில் இருப்பவர் பெரும்பாலும் சிங்களப் பக்கத்தைப் பார்த்தே ஆவணங்களைச் சரிபார்க்கிறார். மூதாட்டி ஒரு சான்றிதழோடு வந்திருந்தால் அவர் ஏற்றுக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் தமிழை வாசித்த மூதாட்டி வீட்டிலிருந்து புறப்படவே இல்லை. வராதவருடைய பெயர் எந்த நிராகரிப்புப் பட்டியலிலும் ஏறுவதில்லை என்பதால், "எங்களுக்கு முறைப்பாடு எதுவும் கிடைக்கவில்லை" என்று அலுவலகம் நேர்மையாகவே சொல்லிவிட முடிகிறது. எதிர்த்திசையில் நிகழும் பிழை உடனே தெரிந்துவிடும். மூலத்தில் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி என்றிருப்பது தமிழில் வெறும் "பிரதி" என்று சுருங்கினால், நிழற்படப் பிரதியோடு வந்தவர் அங்கேயே திருப்பி அனுப்பப்படுவார்.

பிழையைச் சுட்டிக்காட்ட முன்வருபவர் முதலில் மூலத்தைக் கையில் எடுக்க வேண்டும். சிங்களப் படிவம்தான் மூலம் என்று எண்ணிவிட வேண்டாம்; நிபந்தனையை உண்மையில் வகுத்தது ஒரு சுற்றறிக்கையாகவோ வர்த்தமானி அறிவித்தலாகவோ இருக்கலாம், சிங்களப் படிவமே அதிலிருந்து விலகியிருக்கவும் கூடும். சுற்றறிக்கையைக் கேட்டால் "அது உள்ளகப் பாவனைக்கு மட்டும்" என்பார்கள். அப்போது வாதாடிக்கொண்டிருக்காமல், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். சுற்றறிக்கையோடு, படிவத்தின் மும்மொழிப் பிரதிகளையும் அவை அங்கீகரிக்கப்பட்ட திகதியையும் சேர்த்தே கேளுங்கள்.

பின்னர் ஒவ்வொரு அறிவுறுத்தலையும் தனித்தனியாக எடுத்து, யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எத்தனை, எப்போதைக்குள், கட்டாயமா விருப்பமா என்று இரு பக்கங்களிலும் ஒப்பிட வேண்டும். நடையின் அழகைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிழைகள் பெரும்பாலும் சிறு சொற்களிலேயே ஒளிந்திருக்கின்றன: அல்லது, மற்றும், மட்டும், ஆயின், உள்ளாக, பின்னர். பெயருக்கான கட்டங்களையும் விட்டுவிடக் கூடாது. முதலெழுத்துகளுடன் பெயர் என்பதற்கு அடுத்து, முதலெழுத்துகளால் குறிக்கப்படும் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். தமிழில் அது "பெயர்" என்று மட்டும் நின்றால், தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்ட ஒருவர் தம் பெயரை மறுபடியும் எழுதிவிடுவார், பின்னர் அடையாள அட்டையோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று ஒரு சத்தியக்கடதாசிக்காகச் சமாதான நீதவானைத் தேடிச் செல்வார். நீங்கள் எழுதிய திருத்தத்தை, மூலத்தைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அவர் புரிந்துகொள்கிறார் எனக் கேளுங்கள். அவர் சொல்வது மூலத்தோடு ஒத்துப்போனால்தான் திருத்தம் முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

"தமிழ் பிழையாக உள்ளது" என்று பொதுவாக எழுதப்படும் கடிதம் கோப்பில் உறங்கப் போகும். பிரதேச செயலகத்துக்கு எழுதினாலும் பயன் குறைவு. பெரும்பாலும் அது படிவத்தை விநியோகிக்கும் இடமே தவிர, மாற்றும் அதிகாரம் உடையதன்று. படிவத்தை வெளியிட்ட திணைக்களத்தின் அல்லது அமைச்சின் தலைவருக்கு, படிவ இலக்கத்தையும் வரி இலக்கத்தையும் குறிப்பிட்டு, மூல வாசகம், இப்போதுள்ள தமிழ் வாசகம், முன்மொழியும் வாசகம், இப்பிழையால் விண்ணப்பதாரர் தவறாகச் செய்ய நேரும் செயல் ஆகிய நான்கையும் அடுத்தடுத்து எழுதுங்கள். மூதாட்டியின் படிவத்துக்கான முன்மொழிவு இவ்வாறு இருக்கலாம்: "பிறப்புச் சான்றிதழ் அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்றை இணைக்கவும்." மொழிபெயர்ப்பைச் சரிபார்க்குமாறு அரசகரும மொழிகள் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்கப்படாத கடிதமே என்று அலுவலகங்கள் நடந்துகொள்கின்றன.

பதில் வராவிட்டால், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். ஆணைக்குழு விசாரித்து விதந்துரை வழங்கும். 90 நாட்களுக்குள் அதற்கு இணங்க நடவடிக்கை எடுக்கப்படாவிட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாட வழியுண்டு. ஆனால் இவ்வழி படிவத்தைச் சீர்செய்வதற்கானது. மூதாட்டியின் விண்ணப்ப முடிவுத் திகதி அதற்காகக் காத்திருக்காது. அவருடைய விண்ணப்பத்தையும் படிவம் பற்றிய முறைப்பாட்டையும் ஒரே கடிதத்தில் கலந்துவிட்டால், ஒன்றின் பெயரால் மற்றொன்று கிடப்பில் போடப்படும்.

ஆகவே விண்ணப்பத்தைத் தனியாக, உரிய நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அச்சிட்ட அறிவுறுத்தலைப் பேனாவால் வெட்டித் திருத்தாதீர்கள். படிவம் சிதைக்கப்பட்டுள்ளது என்பதே நிராகரிப்புக்குக் காரணமாகிவிடும். சிங்களப் பக்கத்தின் பிரதியில் அந்த வரியை அடிக்கோடிட்டு, இரண்டில் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது என்ற ஒரு பக்கக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள். வாய்மொழியாக மறுத்தால், மறுப்பைத் தமிழில் எழுதித் தருமாறு கேளுங்கள். இது உறுப்புரை 22 தரும் உரித்து. பல வேளைகளில் எழுத வேண்டும் என்றவுடனேயே விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிடும்.

திருத்திய படிவம் இணையத்தளத்தில் ஏறிவிட்டது என்ற பதில் கிடைத்தாலும் வேலை முடிந்துவிடாது. கருமபீடத்தில் பழைய கட்டு தீரும்வரை அதையே கொடுப்பார்கள். அலுவலகத்துக்கு எதிரேயுள்ள நிழற்படப் பிரதிக் கடையில் அதற்கும் பழைய பிரதி விற்பனையில் இருக்கும். படிவத்தின் அடியில் திருத்திய திகதியை அச்சிடுமாறும், பழைய பிரதிகளை மீளப்பெறுமாறு பிரதேச செயலகங்களுக்கு அறிவிக்குமாறும் முதற்கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். பின்னர் கேட்டால், அதை வேறொரு கிளைதான் கவனிக்க வேண்டும் என்று புதிதாக ஒரு கோப்பு திறப்பார்கள்.