பட்டம் இல்லாத இடத்தில் அனுபவத்தை வைப்பது எப்படி?

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு கல்ஃபுக்குப் போய், பத்துப் பன்னிரண்டு வருடமாக பைப்பிங் வேலையில் ஊறிப்போனவர்கள் நிறையப் பேர். ஆள் எடுக்கும் வேலையில் நான் இருந்ததால் லீவுக்கு வரும்போது ரெஸ்யூமேயோடு வந்து நிற்பார்கள். "சார், பி.இ. கேக்காங்க, எங்கிட்ட டிப்ளமோதான் இருக்கு, போடலாமா?"

விளம்பரத்தில் "ஆர் ஈக்விவலன்ட் எக்ஸ்பீரியன்ஸ்" என்று ஒரு துண்டு இருந்தால் தாராளமாகப் போடலாம். அது இல்லாமல் பட்டம் கட்டாயம் என்று மட்டும் இருந்தால், கேட்பது கம்பெனியா, அந்த நாட்டுச் சட்டமா என்று பார்க்க வேண்டும். சவுதியில் இன்ஜினியர் என்ற பெயரில் வேலை பார்க்க அங்குள்ள இன்ஜினியர்கள் கவுன்சிலில் பதிய வேண்டும், அதற்குப் பட்டம் வேண்டும். இருபது வருட அனுபவமும் அங்கே ஈடாகாது. அந்த இடத்துக்குப் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட இன்ஸ்பெக்டர் பணிக்குப் போடுவது நல்லது.

சரி, ஈக்விவலன்ட் என்றால் எவ்வளவு? அமெரிக்காவின் ஹெச்-1பி விசா விதியில் ஒரு கணக்கு உண்டு: கல்லூரிப் படிப்பில் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் மூன்று வருட அனுபவம், அதாவது நான்கு வருடப் பட்டம் முழுசாக இல்லையென்றால் 12 வருடம். ஆனால் வருடத்தை எண்ணுவதோடு அந்த விதி நிற்பதில்லை. செய்த வேலைக்குப் பாட அறிவு தேவைப்பட்டதா, பட்டம் படித்தவர்களோடு சேர்ந்து செய்தாரா, துறையில் அவருடைய திறமையை யாராவது அங்கீகரித்தார்களா என்றும் கேட்கும். எந்த நாட்டுக்குப் போட்டாலும் ரெஸ்யூமே பதில் சொல்ல வேண்டியது இந்த மூன்று கேள்விக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

கருங்கல்காரர் ஒருவர், மெக்கானிக்கல் டிப்ளமோ, 13 வருட அனுபவம், பைப்பிங் க்யூசி இன்ஜினியர் வேலைக்குப் போட வந்தார். விளம்பரத்தில் அந்த ஈக்விவலன்ட் துண்டு இருந்தது. ரெஸ்யூமேயில் நான்கு கம்பெனி, நான்கின் கீழும் ஒரே பத்தி காப்பி அடித்து ஒட்டியிருந்தது, அதில் ஒரு வரி "ஹைட்ரோ டெஸ்ட் பார்வையிட்டேன்". வெல்டிங் இன்ஸ்பெக்ஷனில் அவர் எழுதித் தேறிய சிஸ்விப் 3.1 சான்றிதழ் இரண்டாம் பக்கத்தின் கடைசியில், பாஸ்போர்ட் நம்பருக்குக் கீழே கிடந்தது.

பார்வையிட்டேன் என்றால் பக்கத்தில் நின்றேன் என்றுதான் வாசிக்கிறவர் எடுத்துக்கொள்வார். ஹைட்ரோ டெஸ்ட் என்பது பைப்பில் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, தாங்குகிறதா என்று பார்ப்பது. அதில் ஏற்றும் டெஸ்ட் பிரஷரை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டேன். "நான்தான் சார் கணக்குப் போட்டுக் கொடுப்பேன், இன்ஜினியர் பாத்து கையெழுத்துப் போடுவாரு" என்றார். பைப்பிங்குக்கான ஏஎஸ்எம்இ பி31.3 விதிமுறைப்படி டிசைன் பிரஷரில் ஒன்றரை மடங்கு, 20 பார் என்றால் 30 பார். லைன் அதிகச் சூட்டில் ஓடுவதாக இருந்தால் அந்தச் சூட்டில் உலோகத்தின் தாங்குதிறன் குறையும், அதற்கேற்ப டெஸ்ட் பிரஷரை இன்னும் கூட்ட வேண்டும். இதை அவர் தாளில் போட்டே காட்டினார். ஒரு பட்டதாரியிடம் எதிர்பார்ப்பதும் இந்த அறிவைத்தானே, அது அவர் ரெஸ்யூமேயில் எங்கேயும் இல்லை!

அப்புறம் அந்த வரியை மாற்றினோம்: டெஸ்ட் பேக்கேஜ் தயாரித்து, டிசைன் பிரஷர், வெப்பநிலையிலிருந்து பி31.3 படி டெஸ்ட் பிரஷரைக் கணக்கிட்டு, ப்ராஜெக்ட் இன்ஜினியரின் ஒப்புதலுக்குக் கொடுத்தேன் என்று. ஒரே வரியில் மூன்றில் இரண்டு கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, மூன்றாவதற்கு சிஸ்விப்பை மேலே பெயருக்கு அடுத்து ஏற்றி, "டிப்ளமோவுடன் 13 வருட அனுபவம், விளம்பரம் கேட்கும் ஈக்விவலன்ட் தகுதியின் கீழ் விண்ணப்பிக்கிறேன்" என்று நேராகவே எழுதினோம். நான்கு கம்பெனியிலும் ஒரே வேலை என்பதுபோல் இருந்ததையும் பிரித்து, ஹெல்ப்பர், ஃபோர்மேன், இன்ஸ்பெக்டர் என்று பொறுப்பு கூடிய வரிசை தெரிகிற மாதிரி வைத்தோம்.

படிப்பு என்ற இடத்தில் டிப்ளமோவை மறைக்கவே கூடாது. பாதியில் நின்ற பி.இ.யை முடித்ததுபோல் எழுதுவதோ, ஆன்லைன் ஃபார்மில் "பேச்சலர்" என்று தேர்ந்தெடுப்பதோ சான்றிதழ் அட்டெஸ்டேஷனில் கட்டாயம் மாட்டும், மாட்டினால் உண்மையான 13 வருடத்தையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். டிப்ளமோ என்று போட்டதும் ஃபார்மே தள்ளிவிட்டால், ஆள் எடுப்பவருக்கு விளம்பரத்தின் அந்தத் துண்டைக் குறிப்பிட்டு இரண்டு வரி மெயில் போடுங்கள்.

கருங்கல்காரரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். முதல் கேள்வியே ஹைட்ரோ டெஸ்ட்தானாம். ஆனால் முதல் கம்பெனியின் அனுபவச் சான்றிதழில் பதவியும் தேதியும் மட்டும் இருந்ததால், செய்த வேலையை விவரித்து அன்றைய மேலதிகாரியிடம் ஒரு கடிதம் வாங்க மூன்று வாரம் அலைந்தார். வேலையை விடும்போதே, நோட்டீஸ் பீரியட் முடிவதற்குள், செய்த வேலைகளை எழுதி லெட்டர்ஹெட்டில் வாங்கிவிடுங்கள்.