நீலமாக இருந்தால் லிங்க் ஆகிவிடாது

இந்த மாதம் இது நான்காவது கோப்பு. “ஃபைல் கெட்டுப்போச்சு போல சார், லிங்க் எதுவும் வேலை செய்யல, கொஞ்சம் பார்த்துக் கொடுங்க” என்று ஒரு அஞ்சல். கூடவே 186 பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப், ஏதோ ஒரு இயந்திரத்தின் பராமரிப்புக் கையேடு. திறந்து பார்த்தேன். பொருளடக்கத்தில் எந்த வரியை அழுத்தினாலும் அசைவில்லை. இடப்பக்கம் புக்மார்க் பட்டை காலி. “மேலும் விவரங்களுக்கு இங்கே அழுத்தவும்” என்று ஒரு வரி, நீல நிறத்தில், அழகாக அடிக்கோடிட்டு. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை.

கோப்பு கெடவில்லை. அக்ரோபாட் ரீடரில் Ctrl+D அழுத்தி விவரங்களைத் திறந்தேன். PDF Producer என்ற இடத்தில் இப்படி இருந்தது:

```
Microsoft: Print To PDF
```

அதற்கு மேல் துப்பறிய ஒன்றுமில்லை. வேர்டில் Ctrl+P போட்டு, பிரிண்டர் பட்டியலில் அதைத் தேர்ந்து, அச்சடித்திருக்கிறார்கள். அச்சடித்தால் அச்சுதான் வரும். பிரிண்டருக்கு வேர்டு அனுப்புவது எந்த எழுத்தை எந்த இடத்தில் எந்த நிறத்தில் வரைய வேண்டும் என்ற செய்தியை மட்டும்தான். காகிதத்தில் அச்சடித்துவிட்டு லிங்க்கை விரலால் அழுத்திப் பார்ப்போமா? இங்கே காகிதத்துக்குப் பதில் பிடிஎஃப், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு எரிச்சல் வருவது இதனால் அல்ல. இதைச் சொன்னவுடன் வரும் பதிலால். “ஆனால் நீலமா, அடிக்கோடோட இருக்கே சார்?” இருக்கும். ஏனென்றால் நீலம் மை. அடிக்கோடும் மை. பிடிஎஃப்பில் லிங்க் என்பது எழுத்தின் குணம் அல்ல; எழுத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் போர்த்திய ஒரு செவ்வகம். பக்கத்தில் இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை யாராவது அழுத்தினால் இந்த முகவரிக்குப் போ, அல்லது 47-ஆம் பக்கத்துக்குப் போ என்ற குறிப்பு அந்தச் செவ்வகத்தில் இருக்கும். செவ்வகம் இருந்தால் கறுப்பு எழுத்தும் வேலை செய்யும், வெறும் வெள்ளை இடமும் வேலை செய்யும். செவ்வகம் இல்லாவிட்டால் நீலத்தை எவ்வளவு அடர்த்தியாகப் பூசினாலும் ஒன்றும் ஆகாது. போன வாரம் ஒருவர், வேலை செய்யாத லிங்க்குகளைச் சரி செய்கிறேன் என்று வேர்டில் எல்லாவற்றையும் இன்னும் பளிச்சென்ற நீலத்துக்கு மாற்றி மறுபடி அச்சடித்து அனுப்பினார். என்ன சொல்வது?

இரண்டாவது பதில் இதைவிடச் சிக்கலானது: “என் கம்ப்யூட்டரில் வேலை செய்யுதே!” அவர் பொய் சொல்லவில்லை. `https://` என்று தொடங்கும் முகவரி பக்கத்திலேயே எழுத்தாகத் தெரிந்தால், சில பிடிஎஃப் வாசிப்பான்கள் அதைத் தாமாகவே கண்டுபிடித்து லிங்க் போல நடந்துகொள்ளும். அக்ரோபாட் ரீடரில் இதற்கென்றே Create links from URLs என்று ஒரு அமைப்பு உண்டு. அதாவது லிங்க் உங்கள் கோப்பில் இல்லை, உங்கள் வாசிப்பான் தயவில் இருக்கிறது. அதே கோப்பைப் பெறுபவர் வேறு வாசிப்பானில் திறந்தால் அது வெறும் எழுத்து. இன்னொரு கூத்தும் உண்டு: நீளமான முகவரி வரியின் முடிவில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால், வாசிப்பான் பல நேரம் முதல் வரியை மட்டும் முகவரி என்று எடுத்துக்கொள்ளும். அழுத்தினால் உலாவி திறக்கும், ஆனால் “பக்கம் கிடைக்கவில்லை” என்று வரும். உடனே பழி இணையதளத்தின் மேல் விழும்.

ஆகவே சோதிக்கும்போது முகவரி வெளியே தெரியும் லிங்க்கை அழுத்திப் பார்க்காதீர்கள். “இங்கே”, “பின்னிணைப்பைப் பார்க்க” போன்ற சொற்களின் பின்னால் ஒளிந்திருக்கும் லிங்க்கை அழுத்துங்கள். அது வேலை செய்தால்தான் லிங்க் உண்மையிலேயே கோப்புக்குள் இருக்கிறது.

சரி, கையேட்டுக்கு வருவோம். மூல வேர்டு கோப்பு இருக்கிறதா என்று கேட்டேன். நல்லவேளை, இருந்தது. இல்லாவிட்டால் என்னாலும் முழுதாக மீட்டிருக்க முடியாது. பொருளடக்கத்தையாவது பக்க எண்ணைப் பார்த்துக் கையால் இணைக்கலாம். “இங்கே” என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்த முகவரி அச்சடித்த கோப்பில் எங்கேயுமே கிடையாது. தயவுசெய்து, பிடிஎஃப் ஆகிவிட்டதே என்று மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

வேர்டில் File மெனுவில் Save As போய், கோப்பு வகையாக PDF தேர்ந்தேன். Export வழியாகப் போனாலும் அதேதான். இப்போது பொருளடக்கம் உயிர் பெற்றது, “இங்கே” வேலை செய்தது. ஆனால் புக்மார்க் பட்டை இன்னும் காலி. இங்கே பாதிப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். சேமிக்கும் அந்தப் பெட்டியிலேயே Options என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதற்குள் Create bookmarks using என்ற கட்டம், நீங்கள் டிக் போடும்வரை சும்மா இருக்கும். டிக் போட்டு, அதன் கீழே Headings தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருக்கும் Word bookmarks வேறு விஷயம். Insert மெனுவில் நீங்கள் கைப்பட வைத்த குறிகள் மட்டும் அதில் வரும். இரண்டுக்கும் புக்மார்க் என்றே பெயர் வைத்தவரை நான் ஒருநாள் நேரில் சந்திக்க வேண்டும்.

மேக் கணினியில் வேர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது இரண்டு வழி காட்டும். Best for printing என்பதை விட்டுவிட்டு Best for electronic distribution and accessibility என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு இணையத் தொடர்பு வேண்டும், ஏனென்றால் மாற்றும் வேலை மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் நடக்கிறது. ரகசிய ஆவணம் என்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டிக் போட்ட பிறகு பட்டையில் அத்தியாயங்கள் வந்தன. பின்னிணைப்புகள் நான்கும் வரவில்லை. காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: அத்தியாயத் தலைப்புகள் Heading 1 ஸ்டைலில் இருந்தன. பின்னிணைப்புத் தலைப்புகளை யாரோ சாதாரண எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி வைத்திருந்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று, வேர்டுக்கு இரண்டாவது வெறும் பத்தி. பொருளடக்கத்திலும் அந்த நான்கு வரியைக் கையால் தட்டி, புள்ளி புள்ளியாக வைத்து, பக்க எண்ணையும் எழுதியிருந்தார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் லிங்க் எங்கிருந்து வரும்? நான்கு தலைப்புக்கும் ஸ்டைல் கொடுத்து, கையால் எழுதிய வரிகளை நீக்கி, பொருளடக்கத்தில் வலது கிளிக் செய்து Update Field, அதில் Update entire table.

அந்தப் புதுப்பிப்பு இன்னொன்றையும் சரி செய்தது. முன்பு மூன்று வரிகளில் பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் `Error! Bookmark not defined.` என்று இருந்தது. தலைப்பை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதும்போது இது நடக்கும். ஒவ்வொரு தலைப்பிலும் வேர்டு மறைவாக ஒரு குறி வைத்திருக்கும், பொருளடக்கம் அதைத்தான் தேடிப் போகிறது. தலைப்போடு அந்தக் குறியும் போய்விடுகிறது. தலைப்பைத் திருத்த வேண்டுமென்றால் உள்ளே எழுத்துகளை மட்டும் மாற்றுங்கள், பத்தியையே அழிக்காதீர்கள்.

கடைசியாக, கோப்பில் உள்ள இணைய முகவரிகளையும் கோப்பு முகவரிகளையும் ஒரே நேரத்தில் பார்க்க நான் இந்தக் கட்டளையைப் பயன்படுத்துவேன். பாப்ளர் என்ற இலவசத் தொகுப்பில் வரும்.

```
pdfinfo -url manual.pdf
```

எந்தப் பக்கத்தில் எந்த முகவரி என்று வரிசையாகக் காட்டும். பொருளடக்கம் போன்ற உள் லிங்க்குகளைக் காட்டாது, அவற்றைக் கையால்தான் அழுத்திப் பார்க்க வேண்டும். பட்டியல் காலியாக வந்தால் வெளி லிங்க் ஒன்றுகூட இல்லை என்று அர்த்தம். இந்தக் கையேட்டில் இரண்டு வரிகள் `file:///C:/Users/` என்று தொடங்கின. அதாவது எழுதியவர் தன் கணினியில் இருந்த படத்துக்கு லிங்க் கொடுத்திருந்தார். அவர் மேசையில் அது அருமையாக வேலை செய்யும். உலகத்தில் வேறு யாருக்கும் செய்யாது. படங்களைக் கையேட்டின் பின்னிணைப்பிலேயே சேர்த்து, லிங்க்கை அந்தப் பக்கத்துக்குத் திருப்பினேன்.

அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் அதே அஞ்சல். “மறுபடியும் லிங்க் போயிடுச்சு சார்.” Ctrl+D அழுத்தினேன். `Microsoft: Print To PDF`.

விசாரித்தால், முதல் பக்கத்தில் கையொப்பம் வேண்டியிருந்தது. முதல் பக்கத்தை எடுத்து, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அதுவரை சரி. மீதிப் பக்கங்களைத் தனியாகப் பிரிக்க, நான் கொடுத்த பிடிஎஃப்பைத் திறந்து 2 முதல் 186 வரை அச்சடித்திருக்கிறார்கள், பிடிஎஃப்பாக. அப்புறம் இரண்டையும் ஒட்டியிருக்கிறார்கள். பக்கம் பிரிக்க, சேர்க்க, அளவைக் குறைக்க, கடவுச்சொல்லை எடுக்க என்று எதற்காகவும் பிடிஎஃப்பை மறுபடி அச்சடிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் செவ்வகங்கள் எல்லாம் உதிர்ந்துபோகும். பக்கத்தை மாற்ற அதற்கான கருவி இருக்கிறது:

```
qpdf manual.pdf --pages signed.pdf 1 . 2-z -- final.pdf
```

முதலில் எழுதும் கோப்பின் புக்மார்க்குகள்தான் முடிவில் நிற்கும். அதனால் கையேட்டின் பெயர் முன்னால் வர வேண்டும். நடுவில் உள்ள புள்ளி அதே கையேட்டைக் குறிக்கிறது, `z` என்பது கடைசிப் பக்கம். ஒரு குறை உண்டு: பழைய முதல் பக்கத்தைச் சுட்டிய புக்மார்க் ஏதாவது இருந்தால் அது மட்டும் செத்துப்போகும், ஏனென்றால் அந்தப் பக்கமே இப்போது இல்லை. இந்தக் கையேட்டில் முதல் பக்கம் வெறும் அட்டை, அதைச் சுட்டிய புக்மார்க் எதுவும் இல்லை.

final.pdf-ஐ அனுப்பும்போது அஞ்சலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: இனி இந்தக் கோப்பில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் Ctrl+P-யைத் தொடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.