“அது இல்ல, இன்னொண்ணு”: மருந்துக்கடையிலிருந்து ஒரு திருத்தம்

அஸ்தம்பட்டிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஏற்காட்டுக்கு ஏறும் பஸ்ஸும் ஜீப்பும் இந்த வழியாகத்தான் போகும். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் மாத மருந்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு போவார்கள். மீதிச் சந்தேகமெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, “இது சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயாங்க?” என்பார்கள். நானும் பதில் போடுவேன். இந்தப் பழக்கத்தில் நான் செய்த ஒரு தவறைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாகலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், வயது அறுபதைத் தாண்டியவர். முன்பு காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர், இப்போது வீட்டில் இருக்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பிரஷருக்கென்று இரண்டு மாத்திரை: காலையில் ஆம்லோடிபின் 5, இரவில் மெட்டோபிரோலால் 25. ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தனி. மகன் சேலத்தில் வேலை பார்க்கிறார். அம்மாவிடம் பட்டன் போன்தான். பள்ளிக்கூடம் போகும் பேத்தியின் போனில்தான் வாட்ஸ்அப்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகன் கூப்பிட்டார். “அண்ணா, அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்குங்க. அழுத்தினா குழி விழுது.” ஆம்லோடிபின் எடுப்பவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். அந்த மருந்து சிறிய தமனிகளை விரிக்கும், சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் திசுக்களுக்குள் கசிந்து கணுக்காலில் தேங்கும். நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் இன்னும் கூடும். ஆனால் இதய நோயாளிக்குக் கால் வீங்க வேறு காரணமும் இருக்கலாம். அதனால் அவரைப் பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்தேன். மூச்சுத் திணறல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தெரிந்ததும், “ஆம்லோடிபினை நிறுத்தச் சொல்லுங்க, மத்ததெல்லாம் ஓடட்டும், வியாழக்கிழமை என்கிட்ட வரட்டும்” என்றார்.

தெளிவான வார்த்தை. அதை அப்படியே எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கடையில் கூட்டம். ‘ஆம்லோடிபின்’ என்றால் வீட்டில் புரியாது என்று நானாக நினைத்துக்கொண்டு, மகனுக்கு இப்படி அனுப்பினேன்: “ராத்திரி போடற பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்க.” அப்புறம் சீட்டின் நகலை எடுத்துப் பார்த்தால், இந்த அம்மாவுக்கு ஆம்லோடிபின் காலையில். திக்கென்றது. உடனே அடித்தேன்: “அது இல்ல, இன்னொண்ணு.”

மகன் என் இரண்டு செய்தியையும் ஒன்றாகப் பார்த்தார். அவருக்குச் சரியாகவே புரிந்தது: முதலில் சொன்னது தப்பு, நிறுத்த வேண்டியது காலை மாத்திரை. தப்பான செய்தியை எதற்கு ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று யோசித்து, இரண்டாவதை மட்டும் பேத்தியின் போனுக்கு ஃபார்வர்டு செய்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பேத்தியின் திரையில் அந்த நேரத்தில் என்ன இருந்தது என்பதை மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து தாங்களாகவே ஒரு ஊகத்துக்கு வந்திருந்தார்கள். ‘காலையில் போட்டால்தான் சாயங்காலம் வீங்குகிறது’ என்று நினைத்து, காலை மாத்திரை அட்டையைப் படமெடுத்து மாமாவுக்கு, அதாவது அந்த மகனுக்கு, அனுப்பி, “இதைத்தான நிறுத்தணும்?” என்று கேட்டிருந்தாள் அந்தப் பெண். சரியான ஊகம். அந்தப் படத்துக்கு நேர் கீழே வந்து நின்றது என் வாசகம்: “அது இல்ல, இன்னொண்ணு.”

மகன் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. ஃபார்வர்டு செய்யும்போது பெயரைத் தொட்டால் போதும், அந்த உரையாடலைத் திறந்து படிக்க வேண்டியதில்லை. ஆக, நான் ஒன்றைத் திருத்த அனுப்பிய சொல், வழியில் தன் ஆளை விட்டுவிட்டு, முன்னால் கிடந்த வேறொன்றில் போய் ஒட்டிக்கொண்டது. அவர்கள் சரியாக நினைத்திருந்ததை நான்தான் தப்பாக்கினேன். ஞாயிறு இரவிலிருந்து மெட்டோபிரோலால் நின்றது. கால் வீக்கம் தரும் மாத்திரை தினமும் காலையில் தவறாமல் உள்ளே போனது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த அம்மாவுக்குப் படபடப்பு. புதன் காலை மகன் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். “நீங்க சொன்னபடிதாங்க நிறுத்தினோம்” என்றார் அம்மா. சண்டை போடும் தொனி இல்லை, உள்ளதைச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு 112. கால் வீக்கம் அப்படியே இருந்தது. மாத்திரையை நிறுத்தி மூன்று நாளில் வீக்கம் முழுசாக வடியாதுதான், ஆனால் துளிகூடக் குறையாததும் படபடப்பும் சேர்ந்ததுதான் உறுத்தியது. பையிலிருந்த அட்டைகளை வாங்கி எண்ணினேன். ஞாயிறு அன்று மகன் எனக்கு அனுப்பிய படத்தில் இரவு அட்டையில் ஏழு மாத்திரை இருந்தது, இப்போதும் ஏழு. காலை அட்டையில் ஆறு இருந்தது, இப்போது மூன்று. திங்கள், செவ்வாய், புதன். அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது.

“என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டால் ஜனங்கள் தாங்கள் புரிந்துகொண்டதைச் சொல்வார்கள். அட்டையில் உடைந்த குமிழ்தான் நடந்ததைச் சொல்லும். மாத்திரை மாறிய சந்தேகம் வந்தால் முதலில் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

மெட்டோபிரோலால் மாதிரி மருந்தைச் சட்டென்று நிறுத்துவதில் என்ன ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்ரினலின் இதயத்தில் வந்து அமரும் ஏற்பிகளை இந்த மருந்து மறித்து வைத்திருக்கிறது. பல மாதம் மறித்து வைத்தால் உடம்பு ஈடுகட்டுவதற்காக அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று மறிப்பு நீங்கினால், பழைய அட்ரினலினே அதிகப்படியான ஏற்பிகளில் வேலை செய்யும். துடிப்பு எகிறும், பிரஷர் ஏறும், இதய நோயாளிக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். அதனால்தான் இதை நிறுத்த வேண்டி வந்தாலும் டாக்டர்கள் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். இந்த அம்மாவைக் கையோடு டாக்டரிடம் அனுப்பினேன். ஈசிஜி எடுத்தார்கள், புதிதாகப் பாதிப்பு எதுவும் இல்லை. இரவு மாத்திரை திரும்ப ஆரம்பமானது, காலை மாத்திரை நின்றது. அடுத்த மாதம் வந்தபோது கால் வடிந்திருந்தது.

இந்த “அது இல்ல, இன்னொண்ணு” என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கவுண்டரிலிருந்துதான். அங்கே நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிறேன், ஒரு தடவையும் தப்பு நடந்ததில்லை. ஏனென்றால் இரண்டு அட்டையும் கண்ணாடி மேல் கிடக்கும், என் விரலும் கூடவே நகரும், எதிரில் நிற்பவர் அதே அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘அது’ எது என்பதைச் சொல்லை விட விரல்தான் சொல்கிறது. போனில் விரல் போவதில்லை. நான் பார்க்கும் திரை ஒன்று, அவர் பார்க்கும் திரை வேறு. மலையில் சிக்னல் வந்து போகிற இடங்களில் காலையில் அனுப்பியதும் மாலையில் அனுப்பியதும் மொத்தமாக வந்து விழும். பூட்டிய திரையில் கடைசி வரி மட்டும் தெரியும்.

‘இன்னொண்ணு’ என்ற சொல்லுக்கு வேறொரு பலவீனமும் உண்டு. மொத்தம் இரண்டே இருந்தால்தான் அது ஒன்றைக் குறிக்கும். நான் மனதில் பிரஷர் மாத்திரை இரண்டை மட்டும் வைத்திருந்தேன். அந்த வீட்டு டப்பாவில் நான்கு அட்டை. ஆஸ்பிரின் நின்றுபோயிருந்தால் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது இன்னும் பெரிய வம்பு.

நடந்ததற்கு அப்புறம் வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறதா என்று பார்த்தேன். பழைய செய்தியை இழுத்து அதற்குப் பதிலாக எழுதினால், மேலே அந்தச் செய்தியின் துண்டு தெரியும். எங்கள் இருவருக்குள் மட்டும் என்றால் அது போதும். ஆனால் அந்தப் பதிலை வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்தால் மேலே இருந்த துண்டு கூடப் போகாது, மொட்டையாகத்தான் போகும். அனுப்பியதைத் திருத்தும் வசதி 15 நிமிடம் வரை உண்டு. ஆனால் முன்பே படித்துவிட்டவருக்குத் திருத்தியதாகத் தனியாக மணி அடிக்காது. அவர் பழையதை நம்பி மாத்திரையை விழுங்கியிருப்பார். தப்பான செய்தியை அழித்துவிட்டு “அது இல்ல” என்று அனுப்புவது எல்லாவற்றையும் விட மோசம், எது இல்லை என்பதற்கு ஆதாரமே இருக்காது.

அதனால் இப்போது திருத்தம் என்றால் முழுதாகவே எழுதுகிறேன். முதல் செய்தியைப் பார்க்காதவர், யார் கையில் அது போய்ச் சேர்ந்தாலும், அதை மட்டும் படித்து மாத்திரை எடுக்க முடிய வேண்டும். அன்றைக்கு நான் அனுப்பியிருக்க வேண்டியது இது:

“திருத்தம். ராத்திரி மாத்திரையை நிறுத்தச் சொன்னது என் தவறு. நிறுத்த வேண்டியது: ஆம்லோடிபின் 5, காலையில் போடுவது. தொடர வேண்டியது: மெட்டோபிரோலால் 25 இரவு, ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை. இதை இப்படியே வீட்டுக்கு அனுப்புங்க.”

மருந்துப் பெயர் புரியாது என்று விட்டுவிடக் கூடாது. அட்டையில் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனாலும் எழுத்துக்கூட்டிப் பார்க்க வீட்டில் யாராவது இருப்பார்கள். கூடவே அட்டையின் படத்தில் வட்டம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. ‘வெள்ளை மாத்திரை’, ‘சின்ன மாத்திரை’ என்று மட்டும் நான் எழுதுவதில்லை. கம்பெனி மாறினால் நிறமும் அளவும் மாறிவிடும்.

“சரிங்க” என்று பதில் வந்தாலும் இப்போது விடுவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் மகன் கட்டைவிரல் காட்டியிருந்தார். ஒரு போன் போட்டு, மாத்திரை எடுப்பவரிடமே கேட்கிறேன்: “இன்னைக்கு ராத்திரி எதைப் போடுவீங்க? நாளைக்குக் காலைல எதைப் போட மாட்டீங்க?” பெயர் வராவிட்டால் முதல் எழுத்தைச் சொல்லச் சொல்கிறேன். ஒரு நிமிடம் ஆகும். கூட்ட நேரத்தில் அந்த ஒரு நிமிடமும் கஷ்டம்தான், அதையும் மறைக்கவில்லை. மருந்தை நிறுத்துவது, மாற்றுவது என்றால் மட்டும் கட்டாயம் செய்கிறேன்.

போன மாதம் அந்தப் பேத்தியிடமிருந்து நேராக எனக்கே ஒரு படம் வந்தது. நான்கு அட்டையையும் வரிசையாக வைத்து, மேலே பேனாவால் 1, 2, 3, 4 என்று எழுதி ஒட்டியிருந்தாள். கீழே: “அங்கிள், 3 தீரப் போகுது. நம்பர் சொல்லி பதில் போடுங்க.”