வாங்காத அரிசிக்கு எஸ்எம்எஸ் வந்தால் ரேஷன் கடைக் கணக்கு ஏன் இடிக்காது?

"இந்த மாதம் நான் ரேஷன் கடைப் பக்கமே போகவில்லை, ஆனால் 20 கிலோ அரிசி வாங்கியதாக எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. மாதக் கடைசியில் கணக்கு பார்க்கும்போது இது மாட்டாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மாட்டாது. கணக்கு இடிக்கக்கூடாது என்பதற்காகத்தான் பல நேரம் அந்த பில்லே போடப்படுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

ரேஷன் கடையின் இருப்புப் பதிவேடு ரொம்ப எளிமையான ஒரு சமன்பாடு. தொடக்க இருப்பு, அதோடு நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து வந்த வரவு, அதிலிருந்து விற்பனையைக் கழித்தால் இறுதி இருப்பு. பள்ளியில் படித்த நிறை அழியா விதிதான் இது. அடுத்த மாத ஒதுக்கீடும் இதை ஒட்டியே வரும்: கடையில் இருக்கும் அட்டைகளுக்கு மொத்தம் எவ்வளவு வேண்டுமோ அதில் கையிருப்பைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள்.

கணக்குக்காக ஒரு கற்பனைக் கடை. 600 அரிசி அட்டைகள், எல்லாமே 20 கிலோ அட்டைகள் என்று வைத்துக்கொள்வோம் (அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ என்பதையெல்லாம் இங்கே மறந்துவிடலாம்). தொடக்க இருப்பு 900 கிலோ. லாரியில் வந்தது 220 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ வீதம் 11,000 கிலோ. மொத்தம் 11,900. மாதம் முழுக்க வாங்கியவர்கள் 549 பேர், அதாவது 10,980 கிலோ விற்பனை. ஏட்டுப்படி 920 கிலோ மீதி இருக்க வேண்டும். போய் எண்ணினால் 17 முழு மூட்டையும் ஒரு மூட்டையில் 22 கிலோவும் கிடக்கிறது. 872 கிலோ. 48 கிலோ எங்கே?

வழக்கமான பதில், எலி. ஒரு வீட்டெலி நாளுக்குத் தோராயமாக 20 கிராம் தானியம் தின்னும், மாதத்துக்கு 600 கிராம். 48 கிலோ காலியாக 80 எலிகள் வேண்டும். அத்தனை எலி இருந்தால் பதிவேட்டையும் சேர்த்துத் தின்றிருக்கும்!

சரி, எலியை விட்டுவிட்டு மூட்டைக்கு வருவோம். 50 கிலோ சணல் சாக்கின் எடை மட்டும் சுமார் 580 கிராம். அப்படியானால் உள்ளே சரியாக 50 கிலோ அரிசி இருக்கும் மூட்டை தராசில் 50.580 காட்ட வேண்டும். 50.430 காட்டினால் 150 கிராம் குறைவு. லோடு இறங்கும் அவசரத்தில் யாரும் மூட்டை மூட்டையாக எடை போடுவதில்லை, எண்ணி அடுக்கிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 150 கிராம் என்பது கையில் தூக்கினால் தெரியாத அளவுதான், ஆனால் 220 மூட்டைக்கு 33 கிலோ. ஏட்டில் 11,000 என்று எழுதிய அந்த நொடியிலேயே இந்த 33 கிலோ இல்லாத அரிசியாகிவிட்டது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. விற்கும் தராசில் ஒவ்வொரு முறையும் 20 கிராம் பிசகுகிறது என்று வைப்போம். பிசகு இரண்டு வகை. ஒன்று தற்செயலானது: ஒருவருக்கு 20 கிராம் கூடும், அடுத்தவருக்குக் குறையும், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பிசகுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும். ஆனாலும் முழுசாக அடிபடாது, எஞ்சி நிற்பது எடை போட்ட தடவைகளின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி வளரும். 549-இன் வர்க்கமூலம் 23.4, அதை 20 கிராமால் பெருக்கினால் அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. 549 பேருக்கு எடை போட்ட பிறகும் அவ்வளவுதான்! இன்னொரு வகை ஒருதலையானது. தராசின் பூஜ்ஜியம் சரியாக வைக்கப்படவில்லை, எப்போதும் 20 கிராம் கூடுதலாகவே போகிறது. இது வர்க்கமூலத்தோடெல்லாம் நிற்காது, நேராக 549-ஆல் பெருகும். கிட்டத்தட்ட 11 கிலோ. ஒரே 20 கிராம்தான், ஒன்று அரைக் கிலோவில் நின்றுவிடுகிறது, மற்றது 11 கிலோ ஆகிறது. அதனால்தான் "கை தவறுதலாக முன்னே பின்னே போயிருக்கும்" என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. முன்னே பின்னே போனால் இவ்வளவு குறையாது, ஒரே பக்கமாகப் போயிருந்தால்தான் குறையும்.

33-உம் 11-உம் 44. மீதி 4 கிலோ கிழிந்த சாக்கில் சிந்தியது, தரையில் கூட்டி அள்ளியது என்று போய்விடும். ஈரப்பதத்தையும் சொல்லியாக வேண்டும். 14 சதவீத ஈரத்தோடு வந்த 11,000 கிலோ அரிசி 13.5 சதவீதத்துக்குக் காய்ந்தால் 60 கிலோவுக்கு மேல் எடை குறையும், ஒரு மணி கூடத் திருடு போகாமலேயே. ஐப்பசி மழையில் இது தலைகீழாகி எடை கூடவும் செய்யலாம். நம் கடையில் அரிசி வேகமாகக் காலியானது, ஈரமும் மாறவில்லை என்று விட்டுவிடுகிறேன்.

இப்போது விற்பனையாளரின் நிலைமை. தணிக்கைக்கு வந்தால் 48 கிலோ குறைவுக்கு அபராதம் அவர் கையிலிருந்துதான் போகும். அந்த மாதம் வாங்க வராத அட்டைகள் 51 இருக்கின்றன. அவற்றில் இரண்டுக்கு 20 கிலோவும் மூன்றாவதற்கு 8 கிலோவும் பில் போட்டால் விற்பனை 11,028 ஆகிறது, ஏட்டு இருப்பு 872 ஆகிறது, மூட்டையும் 872. துல்லியமாகப் பொருந்திவிட்டது! நிறை அழியா விதிக்கு மொத்தம் மட்டும்தான் தெரியும், அரிசி எந்த வழியாகப் போனது என்று தெரியாது. மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவருக்கும் இதே ஓட்டைதான் வசதி, எண்ணிக்கைதான் பெரிதாகும்.

ஆகவே இந்தச் சமன்பாட்டுக்கு வெளியே நின்று அளக்கும் இரண்டாவது சாட்சி வேண்டும். அட்டைதாரருக்குப் போகும் எஸ்எம்எஸ் அதுதான். கைரேகையும் அதற்காகத்தான் வந்தது, ஆனால் ரேகை பதியாத முதியவர்களுக்கு மாற்று வழி வைத்தே ஆக வேண்டும், அந்த வழியில் பிசகும் நுழையும். பொய் எஸ்எம்எஸ் வந்தவர்கள் அதை அழிக்காமல் 1967-க்குச் சொல்லலாம். பில்லின் நேரமும் ஒரு தடயம்: நிஜமாக 20 கிலோ அளந்து பையில் கொட்ட சில நிமிடமாவது ஆகும், மாதக் கடைசி நாள் மாலையில் அடுத்தடுத்து அரை நிமிட இடைவெளியில் பில் விழுந்திருந்தால் அங்கே யாரும் அரிசி அளக்கவில்லை.

இப்போது தராசையே பிஓஎஸ் கருவியோடு ப்ளூடூத்தில் இணைத்து, எடை சரியாக இருந்தால்தான் பில் வரும் என்று ஆக்கியிருக்கிறார்கள். வரிசை நீள்கிறது என்று புகார் இருந்தாலும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் கணக்கில் அது பிடிப்பது 11 கிலோவை. 33 கிலோ பின்வாசலில், லாரிப் பக்கம் கிடக்கிறது. நான் செலவு செய்வதாக இருந்தால் முதல் தராசை மூட்டை இறங்கும் இடத்தில்தான் வைப்பேன்.

குறை எந்த வகை என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு வழியும் அதே கடைக்குள் இருக்கிறது: பாமாயில். அது ஒரு லிட்டர் பாக்கெட்டாக வருகிறது, பாக்கெட்டாகவே போகிறது. தராசு, சாக்கு, ஈரம் எதுவும் கிடையாது, ஒழுகினாலும் காலி உறை மிஞ்சும். அரிசி குறைந்து பாமாயில் சரியாக இருந்தால் முதலில் எடையைத் தேடலாம். பாமாயில் பாக்கெட்டும் சேர்ந்து குறைந்தால், அதற்குத் தராசைக் குற்றம் சொல்ல முடியாது.