பாப் 'பதிவிறக்கம்' அல்ல, ஐமேப் 'ஒத்திசைவு' அல்ல

மெயில் செயலியில் புதுக் கணக்கைச் சேர்க்கும்போது ஒரு திரை வந்து நிற்கும். `IMAP`, `POP3` என்று இரண்டு பெயர்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழில் வரும் வழிகாட்டிக் கட்டுரைகளும் மொழிபெயர்த்த உதவிப் பக்கங்களும் இவற்றை 'ஒத்திசைவு முறை', 'பதிவிறக்க முறை' என்று விளக்கிவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுகின்றன. கேட்க அழகான தமிழ்தான். ஆனால் இந்த இரண்டு சொற்களையும் நம்பித் தேர்ந்தெடுப்பவர், தன் கருவியில் இருக்கும் மெயிலுக்கு என்ன ஆகும் என்பதை நேர்மாறாகப் புரிந்துகொள்வார். திரும்பத் திரும்ப இதையே பார்த்துச் சலித்துவிட்டதால் எழுதுகிறேன்.

முதலில் பெயர்களின் பிறப்பு. பாப் என்பது 'போஸ்ட் ஆபீஸ் ப்ரோட்டோகால்' என்பதன் சுருக்கம், அதாவது அஞ்சலக நெறிமுறை. 1984இல் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பு 1988இல் எழுதப்பட்டு, 1996இல் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது. ஐமேப்பை மார்க் கிறிஸ்பின் 1986இல் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கினார். அதன் முதலெழுத்து முதலில் 'இடைக்கால' என்பதையும், பிறகு 'ஊடாடும்' என்பதையும் குறித்து, கடைசியில் 'இன்டர்நெட்' என்று நிலைத்தது. இத்தனை மாற்றத்திலும் மாறாமல் நின்ற சொல் 'ஆக்சஸ்', அதாவது அணுகல். சர்வருக்கு வழங்கி, சேவையகம் என்று தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. இந்த வழக்கு அவற்றைப் பற்றியது இல்லை என்பதால் சர்வர் என்றே எழுதுகிறேன்.

இப்போது 'பதிவிறக்கம்'. இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஒரு பழகிய பொருள் வந்துவிட்டது. ஒரு தளத்திலிருந்து கோப்பைப் பதிவிறக்கினால் நம்மிடம் ஒரு படி வரும், தளத்தில் இருந்தது அப்படியே இருக்கும். ஆயிரம் பேர் பதிவிறக்கினாலும் அங்கே ஒன்றும் குறையாது. பாப் இயல்பாகச் செய்வது இது இல்லை. அது அஞ்சலகத்துக்குப் போய்த் தன் பேரில் வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு அஞ்சலகத்தில் தேடினால் எதுவும் இருக்காது. செயலியும் சர்வரும் பேசிக்கொள்வதைப் பார்த்தால் இது அப்பட்டமாகத் தெரியும்:

```
RETR 1
DELE 1
QUIT
```

முதல் வரி ஒன்றாம் எண் மெயிலைக் கேட்டு வாங்குகிறது. இரண்டாவது வரி, அதை அழிக்கலாம் என்று குறி வைக்கிறது. மூன்றாவது வரி விடைபெறும்போதுதான் சர்வர் உண்மையில் அழிக்கிறது. பதிவிறக்கம் என்ற சொல் முதல் வரியை மட்டும் சொல்கிறது. படிப்பவரின் மெயில் பெட்டியைக் காலி செய்யும் அடுத்த இரண்டு வரிகளையும் மறைத்துவிடுகிறது.

'சர்வரில் ஒரு படியை வைத்திருக்கச் சொல்லும் வசதி இருக்கிறதே' என்று கேட்கலாம். இருக்கிறது. பல செயலிகளில் இப்போது அதுவே முன்கூட்டித் தேர்வாகியும் இருக்கும், பெரும்பாலும் 14 நாள் என்ற எல்லையோடு. அந்த வசதி வேறொன்றும் செய்வதில்லை, இரண்டாவது வரியைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். சில அஞ்சல் நிறுவனங்கள் பாப் வழியாக அழிக்கச் சொன்னாலும் தங்கள் பக்கத்து அமைப்பில் என்ன இருக்கிறதோ அதன்படியே நடக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அவை பாப்பின் மேல் போட்ட கடிவாளங்கள். பாப்பின் இயல்பு எடுத்துக்கொள்வதுதான்.

'பதிவிறக்கம்' தவறாகும் இன்னொரு இடமும் உண்டு. ஐமேப்பும் பதிவிறக்குகிறது! கணினியில் ஐமேப் கணக்கு வைத்திருப்பவருக்கு, பெரும்பாலான செயலிகள் எல்லா மெயிலையும் இறக்கி வட்டில் வைத்துக்கொள்ளும், இணையம் இல்லாதபோதும் படிக்கலாம். இரண்டுமே செய்கிற ஒரு வேலையின் பெயரை ஒன்றுக்கு மட்டும் சூட்டினால் அது எப்படி வேறுபாட்டைக் காட்டும்?

அடுத்து 'ஒத்திசைவு'. இதன்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் சொல் இனிமையானது, ஆபத்தும் அதில்தான். ஒத்திசைவு என்றதும் இரண்டு சம தரப்புகள் ஒன்றுக்கொன்று இணங்கிப் போவதாக மனதில் ஒரு படம் வருகிறது. இங்கே ஒரு படி, அங்கே ஒரு படி, ஒன்று போனால் மற்றது காக்கும் என்று தோன்றும். ஐமேப்பில் அப்படிச் சமம் எதுவும் இல்லை. மூலம் சர்வரில் இருக்கிறது. கருவியில் இருப்பது அதன் நிழற்படி. சர்வரில் ஒரு மெயில் அழிந்தால், கருவி அடுத்த முறை இணையும்போது தன் படியையும் நீக்கிவிடும். ஃபோனில் அழித்தால், கட்டளை சர்வருக்குப் போய் மூலமே அழியும், அப்புறம் கணினியிலும் இருக்காது. படித்தது, பதில் போட்டது, நட்சத்திரம் இட்டது என்று எல்லாக் குறிகளும் சர்வரில்தான் எழுதப்படுகின்றன. எந்தக் கருவியைத் திறந்தாலும் ஒரே காட்சி தெரிவதற்கு அதுதான் காரணம்.

ஒத்திசைவு என்று படித்தவர், 'ஃபோனில் இடம் போதவில்லை, இங்கே அழித்துவிடுவோம், கணினியில் இருக்குமே' என்று நினைப்பது இயல்பு. அழிக்கிறார். இரண்டிலும் போய்விடுகிறது. குப்பைக் கோப்புறையில் சில நாள் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை. வேலை மாறும்போது இன்னும் மோசம். பழைய அலுவலகக் கணக்கை மூடிவிட்டால் 'என் கணினியில்தான் எல்லாம் இருக்கிறதே' என்ற நம்பிக்கை வீண். பெரும்பாலான செயலிகளில், ஐமேப் கணக்கை நீக்கினால் அதற்காக இறக்கிவைத்த படிகளும் சேர்ந்தே நீங்கிவிடும். கணக்கு மூடப்படுவதற்கு முன்பே மெயில்களைச் செயலியின் உள்ளூர்க் கோப்புறைக்கு நகலெடுத்தால்தான் அவை உங்களுடையவை. தண்டர்பேர்டில் அதன் பெயர் `Local Folders`. அந்தக் கோப்புறையைச் சர்வர் தொடாது.

ஃபோனில் 'இருக்கிறது' என்று நினைப்பதைக்கூடச் சோதித்துப் பார்க்க வேண்டும். பல ஃபோன் செயலிகள் அண்மை மெயில்களை மட்டும் வைத்திருக்கும், இணைப்புக் கோப்புகளைத் தொடும்போதுதான் இறக்கும். விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு, நீங்கள் திறந்து ரொம்ப நாளான ஒரு மெயிலின் இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் அது ஃபோனில் இருக்கிறது. சுழன்றுகொண்டே நின்றால் நீங்கள் இதுவரை பார்த்தது சர்வரில் இருப்பதைத்தான்.

இரண்டு தவறான சொற்களும் ஒரே ஆளிடம் சேரும்போது என்ன நடக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கணினியில் பாப், 14 நாள் எல்லையோடு. ஃபோனில் அதே கணக்கு ஐமேப். ஜூன் 1இல் ஒரு ரசீது மெயிலில் வருகிறது. கணினி அதை எடுத்துக்கொள்கிறது, சர்வரிலும் இருக்கிறது, ஃபோனிலும் தெரிகிறது. ஜூன் 15 வாக்கில் கணினி மெயில் பார்க்கப் போகும்போது, எல்லை முடிந்த அந்த மெயிலைச் சர்வரிலிருந்து அழிக்கிறது. சற்று நேரத்தில் ஃபோனிலும் அது மறைகிறது. பயனர் ஃபோனைத் திட்டுகிறார், கடவுச்சொல்லை யாரோ திருடிவிட்டதாகப் பயப்படுகிறார். ஃபோன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இதை அடையாளம் காண ஒரு நல்ல தடயம் உண்டு. பாப்புக்குக் கோப்புறைகள் என்றால் என்னவென்றே தெரியாது, உள்பெட்டியை மட்டும்தான் அது பார்க்கும். ஆகவே உள்பெட்டியில் கடைசி இரண்டு வாரம் மட்டும் மிஞ்சி, நீங்கள் உருவாக்கிய மற்றக் கோப்புறைகளில் பழைய மெயில்கள் பத்திரமாக இருந்தால், எங்கோ ஒரு கருவியில் பாப் ஓடிக்கொண்டிருக்கிறது. கணினியிலிருந்து அனுப்பியவை ஃபோனின் 'அனுப்பியவை' பட்டியலில் இல்லாமல் போவதும் இதே சேர்க்கையில் வரும், ஏனென்றால் பாப் கணக்கு தான் அனுப்பியதைத் தன் வட்டிலேயே வைத்துக்கொள்ளும். காணாமல் போன ரசீது அந்தக் கணினியில் இருக்கும். ஆனால் இப்போது உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது, அந்த வட்டு போனால் ரசீதும் போயிற்று. முதலில் பாப் கணக்கு தானாக மெயில் பார்ப்பதை நிறுத்துங்கள். அதே முகவரியை ஐமேப்பாகப் புதிதாகச் சேர்த்து, பழைய மெயில்களை அதன் கோப்புறைக்குள் நகலெடுங்கள், அவை சர்வருக்கு ஏறிவிடும். எல்லாம் ஏறியதை உறுதி செய்த பிறகே பாப் கணக்கை நீக்கலாம்.

சரி, என்னதான் சொல்வது? பாப்புக்கு 'எடுப்பு முறை' என்பேன். எடுத்தால் எடுத்த இடத்தில் இருக்காது என்பது தமிழ் தெரிந்த யாருக்கும் விளக்காமலே விளங்கும். 'மீட்டெடுப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள், வேண்டாம். தொலைந்ததைத்தான் மீட்போம், மெயில் தொலையவில்லை. ஐமேப்புக்கு மூலப்பெயரின்படி 'அணுகல்' சரியான சொல். ஆனால் அதோடு 'முறை' சேர்ந்தால் 'அணுகுமுறை' என்று ஆகி வேறு பொருளுக்குப் போய்விடுகிறது. அதனால் முழுப் பெயரில் 'இணைய அஞ்சல் அணுகல் நெறிமுறை' என்றும், தேர்வுத் திரையில் 'இருப்பு முறை' என்றும் வைக்கலாம். மெயில் இருந்த இடத்திலேயே இருக்கும், நாம் போய்ப் படிப்போம். எடுப்பு, இருப்பு என்று இணையாக நிற்பதால் ஒன்றைப் பார்த்தவுடன் மற்றதன் பொருளும் பிடிபடும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு மனத்தாங்கலையும் சொல்லியாக வேண்டும். திரையைப் பார்க்காமல், பட்டியலில் வரும் வரிகளை மட்டும் பார்த்து மொழிபெயர்க்கிறார்கள். ஒரு செயலியில் 'சர்வரில் நகலை விடு' என்று ஒரு தேர்வுப்பெட்டி. 'விடு' என்றால் இருக்க விடுவதா, கைவிடுவதா? தமிழில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. மெயிலைக் காப்பதா அழிப்பதா என்ற கேள்விக்கு இரு பொருள் தரும் பதிலை எழுதி வைப்பது பொறுப்பில்லாத வேலை. தூய தமிழ், கலப்புத் தமிழ் என்ற சண்டையே இங்கே எழவில்லை, மூன்று சொல்லும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். 'சர்வரிலும் ஒரு படி இருக்கட்டும்' என்று எழுதியிருந்தால் முடிந்தது.

தேர்வுத் திரைக்கும் அப்படியே. இருப்பு முறைக்குக் கீழே: 'மெயில் சர்வரில் இருக்கும். இங்கே அழித்தால் எல்லாக் கருவியிலும் அழியும்.' எடுப்பு முறைக்குக் கீழே: 'மெயில் இந்தக் கருவிக்கு வந்துவிடும். நீங்கள் கேட்டுக்கொண்டால் மட்டும் சர்வரிலும் இருக்கும்.'