வயதுக்கு ஒரு தேதி, படிப்புக்கு ஒரு தேதி: டிஎன்பிஎஸ்சி எதை எப்போது கணக்கெடுக்கிறது?

தர்மபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில், விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று போய் நின்றால் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும்: "இன்னிக்குத்தானே லாஸ்ட் டேட், இன்னிக்கு எனக்கு வயசு சரியா இருக்கே, போட்டுடலாமா?" சரி, விண்ணப்பத்தைப் போடலாம். ஆனால் டிஎன்பிஎஸ்சி வயதையும் படிப்பையும் கணக்கெடுக்கும் தேதி அந்தக் கடைசி நாள் அல்ல. வயதுக்கு ஒரு தேதி, படிப்புக்கு வேறொரு தேதி. இரண்டும் அறிவிக்கை வெளியாகும் அன்றே முடிவாகிவிடுகின்றன.

வயதைப் பொறுத்தவரை, அறிவிக்கை வந்த ஆண்டின் ஜூலை 1 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. படிப்பைப் பொறுத்தவரை, அறிவிக்கை வெளியான நாளன்று அந்தத் தகுதி கையில் இருக்க வேண்டும்.

குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்வோம். 2025-இல் அதன் அறிவிக்கை ஏப்ரல் 25 அன்று வந்தது. விண்ணப்பிக்க மே 24 வரை நேரம் இருந்தது. தேர்வு ஜூலை 12 அன்று நடந்தது. இந்த மூன்று தேதிகளும் எல்லோருக்கும் மனப்பாடம். வயதுக்கான ஜூலை 1 இந்த மூன்றிலும் இல்லை, அறிவிக்கையின் உள்ளே வயது வரம்பு அட்டவணையின் தலைப்பில் இருக்கிறது.

காரிமங்கலம் பக்கத்தில் ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிறந்த தேதி 5.7.2004. விஏஓ வேலைக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஜூலை 1, 2025 அன்று அவனுக்கு 20 வயதுதான் முடிந்திருக்கிறது, 21 நிறைய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. ஜூலை 12 அன்று தேர்வு அறையில் உட்காரும்போது 21 முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், ஆனாலும் விஏஓ பதவிக்கு அவன் தகுதியானவன் இல்லை. இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு 18 முடிந்திருந்தால் போதும் என்பதால், அதே தேர்வை எழுதி அந்த வேலைகளுக்குப் போகலாம். ஒரே தேர்வு, ஒரே விண்ணப்பம், ஆனால் பதவிக்குப் பதவி வயது வேறு. இதைக் கவனிக்காமல் 'நாலு நாள்தானே' என்று நினைப்பவர்கள் உண்டு. நாலு நாளும் ஒன்றுதான், நாலு மாதமும் ஒன்றுதான், சலுகை கிடையாது.

ஜூலை 1 சிலருக்கு லாபம், சிலருக்கு நட்டம். 2024-இல் குரூப் 4 அறிவிக்கை ஜனவரி 30 அன்றே வந்துவிட்டது. வயது மட்டும் ஐந்து மாதம் தள்ளி, அந்த ஆண்டு ஜூலை 1 அன்று கணக்கிடப்பட்டது. அந்த ஐந்து மாதத்துக்குள் 18 நிறைகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். அதே ஐந்து மாதத்துக்குள் மேல் வயது வரம்பைத் தாண்டியவர்களுக்கு, விண்ணப்பிக்கும் நாளில் வயது இருந்தும் வாய்ப்பு போனது.

இதில் நம் பக்கத்து விஷயம் ஒன்றும் கலந்திருக்கிறது. கிராமங்களில் பலருக்குப் பிறந்த தேதி மே, ஜூன் என்றே இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது வயது சரியாக வருவதற்காக அப்போது போட்ட தேதி அது. உண்மையில் பிறந்தது ஆவணியிலோ தையிலோ இருக்கலாம். ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிய தேதிதான் கணக்கு. அம்மா சொல்லும் தேதியை வைத்து ஜூலை 1-க்குக் கூட்டிக் கழிப்பதில் பயன் இல்லை.

அடுத்து படிப்பு. இங்கேதான் ஒவ்வோர் ஆண்டும் கடைசி ஆண்டு மாணவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். குரூப் 4-இல் பெரும்பாலான பதவிகளுக்குப் பத்தாம் வகுப்பு போதும் என்பதால் அதில் பெரிய சிக்கல் வருவதில்லை, தட்டச்சர் போன்ற சில பதவிகள் விதிவிலக்கு. தட்டச்சுத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர், அறிவிக்கை நாளுக்குள் முடிவு வராவிட்டால் தட்டச்சர் பதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. குரூப் 2, 2ஏ-வில்தான் பட்டம் கேட்கிறார்கள்.

2025-இல் குரூப் 2 அறிவிக்கை ஜூலை 15 அன்று வந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் 13. வயதுக்கான ஜூலை 1 அறிவிக்கைக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்திருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. கடைசி செமஸ்டர் முடிவு ஜூலை 14 அன்று வந்த ஒரு மாணவி என்றால் தகுதி உண்டு. அவளுடைய தோழிக்கு ஒரு பேப்பர் அரியர் நின்று, அதன் முடிவு ஜூலை 25 அன்று வந்தது என்றால் தகுதி இல்லை. விண்ணப்பிக்க இன்னும் 19 நாள் இருந்தும், கையில் 'தேர்ச்சி' என்று தாள் இருந்தும் இல்லை.

இணையதளம் அவளைத் தடுக்காமலும் போகலாம். விண்ணப்பம் ஏறும், பணம் போகும், ஹால் டிக்கெட் வரும், தேர்வும் எழுதலாம். விண்ணப்பத்தில் நாம் சொல்வதை நம்பித்தான் அதுவரை விடுகிறார்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் தேதியைப் பார்ப்பார்கள், அங்கே நிராகரிப்பு வரும். 'ஹால் டிக்கெட் கொடுத்தீர்களே' என்ற வாதம் எடுபடாது.

எல்லாத் தேர்வுக்கும் இதே விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எஸ்எஸ்சி 2024-இல் நடத்திய பட்டதாரி நிலைத் தேர்வில் வயதுக்கும் படிப்புக்கும் ஆகஸ்ட் 1 என்று ஒரே தேதி. யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் கடைசி ஆண்டு மாணவர்களும் முதல்நிலைக்கு விண்ணப்பிக்கலாம், தேர்ச்சிச் சான்றை முதன்மைத் தேர்வுக்கான விண்ணப்பத்தோடு காட்டினால் போதும். அதோடு யுபிஎஸ்சி வயதை மட்டும் சொல்லி விடுவதில்லை. 2025 தேர்வுக்கு '2 ஆகஸ்ட் 1993-க்கு முன்பும், 1 ஆகஸ்ட் 2004-க்குப் பின்பும் பிறந்திருக்கக் கூடாது' என்று பிறந்த தேதியாகவே எழுதியது. அப்படி எழுதாவிட்டால் விளிம்பில் இருப்பவர் பாடு திண்டாட்டம். ராஜஸ்தான் விதி ஒன்று, ஜனவரி 1 அன்று 28 வயதை எட்டியிருக்கக் கூடாது என்றது. ஜனவரி 2 அன்று பிறந்த ஒருவர், பிரபு தயாள் சேஸ்மா வழக்கு என்று பேசப்படும் வழக்கில், உச்ச நீதிமன்றம் வரை போனார். ஜனவரி 1 நள்ளிரவு 12 மணிக்கே அவர் 28-ஐ எட்டிவிட்டார் என்று 1986-இல் தீர்ப்பு வந்தது, தோற்றார்.

மாவட்ட அளவில் சிறிய வேலைகளுக்கு வரும் அறிவிப்புகளில் சில சமயம் தேதியே இருக்காது. இதற்கும் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது: முதலில் பணி விதியில் உள்ள தேதி, அது இல்லாவிட்டால் அறிவிப்பில் சொன்ன தேதி, அதுவும் இல்லாவிட்டால் விண்ணப்பம் பெறும் கடைசி நாள். எல்லோரும் நினைக்கும் அந்தக் கடைசி நாள் கணக்குக்கு வருவது அப்போதுதான்.

டிஎன்பிஎஸ்சிக்குத் திரும்பினால், படிப்பில் பார்ப்பது முடிவு வெளியான தேதியை. பட்டச் சான்றிதழ் கையில் கிடைத்த தேதி முக்கியம் இல்லை. பட்டமளிப்பு விழா ஒரு வருடம் கழித்து நடந்தாலும், முடிவு அறிவிக்கைக்கு முன்பே வந்திருந்தால் தகுதி உண்டு. ஆனால் அதை நிரூபிப்பது விண்ணப்பதாரர் வேலை. தற்காலிகச் சான்றிதழ் அறிவிக்கைக்குப் பிந்தைய தேதியில் இருந்து, அதில் முடிவு வெளியான நாளும் குறிப்பிடப்படவில்லை என்றால், அந்த நாளைக் குறிப்பிட்டு ஒரு சான்றைப் பல்கலைக்கழகத்திடமிருந்தோ கல்லூரியிலிருந்தோ வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சரிபார்ப்புக்குக் கூப்பிட்ட பிறகு சேலத்துக்கு அலைவதைவிட, விண்ணப்பித்த வாரத்திலேயே அதைக் கேட்டுவிடலாம்.