வேலியோரக் கிழங்கும் 72 வீதமும்

ஆவணி மாதத்து நண்பகல். கோப்பாய்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். மண் ஒட்டிய, பெருவிரல் தடிப்புள்ள கிழங்கு. பின்னாலேயே குரல் பதிவு: "தம்பி, வேலிக்கரை கொத்தேக்க வந்தது. இராசவள்ளி இனம் எண்டு பேரன் போனிலை பாத்துச் சொல்லுறான். கறி வைக்கலாமோ?"

விவசாயப் போதனாசிரியர் வேலையில் இப்படிப் படங்கள் நாளுக்கு நாலைந்து வரும். பெரும்பாலும் மிளகாய் இலைச் சுருளல்தான். இந்தப் படத்தைப் பார்த்ததும் "அடுப்பில வைக்காதேங்கோ, நான் எடுக்கிறன்" என்று எழுதிவிட்டு அழைத்தேன்.

பேரன் காட்டிய செயலியில் வள்ளிக்கிழங்கு இனம், 72 வீதம் என்றிருந்தது. அந்த எண்ணை எல்லோரும் பரீட்சைப் புள்ளி மாதிரி வாசிக்கிறார்கள். செயலி தனக்குத் தெரிந்த செடிகளுக்குள் எதற்கு இந்தப் படம் கிட்ட வருகிறது என்றுதான் சொல்கிறது. ஒரு செடியைப் படம் எடுப்பவர்கள் பூவையும் இலையையும்தான் எடுப்பார்கள். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை யார் எடுக்கிறார்கள்? அதனால் கிழங்குப் படத்துக்கு ஒப்பிட அதனிடம் அதிகம் இருக்காது. இருந்தாலும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடும். இன்னொன்று, வட்ஸ்அப்பில் வந்த படத்தைச் செயலிக்குக் கொடுத்தால், அது எந்த ஊரில் எடுத்தது என்ற விபரமும் வழியிலேயே கழன்றுவிடும்.

எனக்கு உறுத்தியது கிழங்கின் வடிவம். இரண்டு கை விரித்து, கலப்பை மாதிரி வளைந்திருந்தது. கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கு அப்படித்தான் இருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதனால் வந்தது. ஆனால் வளைந்த கிழங்கெல்லாம் அதுவுமல்ல. வெட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். உள்ளே வெள்ளை என்றார். இராசவள்ளி என்றால் ஊதா இருக்க வேண்டும். ஆனால் வெள்ளையாக இருக்கிற வள்ளிகளும் உண்டே. அதோடு எனக்கும் தீரவில்லை.

"கிண்டின இடத்திலை காய்ஞ்ச கொடி ஏதும் கிடக்கோ அம்மா?" கிளுவை வேலியில் சருகு தொங்குதாம். அதை அப்படியே கிட்டப் பிடித்து எடுக்கச் சொன்னேன். அந்தப் படத்தில்தான் விடை கிடந்தது: ஒடுங்கிய நீள இலை, அதன் நுனியே நூலாகச் சுருண்டு கிளுவைக் கொப்பைப் பிடித்திருந்தது. வள்ளி இலை அகன்று, இதய வடிவில் இருக்கும். அது தண்டால் சுற்றித்தான் ஏறும், இலை நுனியால் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. கார்த்திகைப்பூச் செடியின் அடி இலைகளிலும் இளஞ்செடியிலும் அந்தச் சுருள் இல்லாமல் இருக்கலாம். சுருள் இருந்தால் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் அதை வைத்துத் துணிந்துவிடாதீர்கள்.

இந்தச் செடி முழுவதிலும் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. அவித்தாலும் போகாது. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் தொடங்கும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று வீட்டில் இருந்துவிடுகிற நேரத்துக்குள் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதாகும். நேரடி மாற்று மருந்து கிடையாது. தப்பியவர்களுக்கும் சில நாட்களின் பின் தலைமுடி கொட்டும். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை பார்த்திருக்காமல் மீதிக் கிழங்கோடும் இலையோடும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பறவைப் படமென்றால் எனக்கு இவ்வளவு பதற்றமில்லை. தொண்டைமானாறு ஏரியில் நிற்கும் வெள்ளைக் கொக்கைச் சின்னக் கொக்கு என்று சொல்ல அதன் மஞ்சள் பாத விரல்களைப் பார்ப்போம். விரல் சேற்றுக்குள் இருந்தால், பக்கத்தில் அளவு ஒப்பிட வேறு பறவையும் இல்லையென்றால், படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஊகம்தான். பிழைத்தாலும் கொக்குக்கு ஒன்றுமில்லை, நமக்கும் ஒன்றுமில்லை. கறிச்சட்டிக்குப் போகிற பொருளில் அப்படியில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தேகமே "வேண்டாம்" என்று சொல்லப் போதும். "சாப்பிடலாம்" என்று ஒரு படத்தை வைத்து நான் ஒருநாளும் சொல்வதில்லை, எத்தனை வீதம் காட்டினாலும்.

கிண்டி எடுத்ததைத் திரும்பப் புதைக்கச் சொன்னேன், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவும் சொன்னேன். அம்மாவுக்கு அரை மனம்தான். "நல்ல கிழங்கெல்லே தம்பி" என்றார்.

மழை தொடங்கி, கார்த்திகையில் அதே வேலியிலிருந்து படம் வந்தது. மேல்நோக்கி வளைந்த ஆறு இதழ்கள், அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. பேரன் அதையும் செயலியில் போட்டானாம். இந்தமுறை முதல் வரியிலேயே சரியான பெயர் வந்ததாம்.